501-ஆவது யூனிட்

கரண்ட் பில்லில் பெரும்பாலோர் பார்ப்பது இரண்டே இரண்டு இடங்கள்: எத்தனை யூனிட், எவ்வளவு ரூபாய். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நாலைந்து வரிகளை யாரும் படிப்பதில்லை. சண்டைகளெல்லாம் அந்த வரிகளில்தான் பிறக்கின்றன. வாடகைக்கு இருப்பவருக்கும் வீட்டுக்காரருக்கும் இடையில், அண்ணன் தம்பிக்கு இடையில், மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் இடையில்.

பாலக்காட்டில் இருக்கும் என் சித்தி வீட்டுப் பில்லை வைத்து இதைச் சொல்கிறேன். கீழே சித்தியும் சித்தப்பாவும். மாடியில் பொள்ளாச்சியிலிருந்து வந்த ஓர் இளம் தம்பதி; பையனுக்குக் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வீடு முழுவதற்கும் ஒரே மின் இணைப்பு. மாடிக்கு ஒரு சப் மீட்டர் மட்டும் வைத்திருக்கிறார்கள். அவர்கள் குடிவந்த பிறகு முதல் பில் வந்தபோது பேசிக்கொண்டது யூனிட்டுக்கு 6 ரூபாய். அந்த 6 ரூபாய் ஆகாயத்திலிருந்து வந்ததல்ல. அந்த முதல் பில்லை யூனிட்டால் வகுத்தால் ஏறக்குறைய அவ்வளவு வந்தது. இரண்டு பேருக்கும் நியாயமாகத்தான் பட்டது.

அந்தப் பில் 2024 பிப்ரவரி தொடக்கத்தில் வந்தது. இரண்டு மாதத்துக்கு 380 யூனிட், தொகை 2,230 ரூபாய். இது எப்படி வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம்.

கேரளத்தில் வீடுகளுக்கான கட்டணத்தை மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மாதக் கணக்கில் நிர்ணயிக்கிறது. பில்லோ பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. அதனால் ஆணையின் 50 யூனிட் அடுக்கு பில்லில் 100 யூனிட் அடுக்காக விரியும். நான் எடுத்துக்கொள்வது 2023 நவம்பர் முதல் தேதியிலிருந்து நடப்பில் இருந்த கட்டணம். அதன்படி முதல் 100 யூனிட்டுக்கு 3 ரூபாய் 25 காசு, அடுத்த 100-க்கு 4.05, அதற்கடுத்த 100-க்கு 5.10, நான்காவது 100-க்கு 6.95, ஐந்தாவது 100-க்கு 8.20.

380 யூனிட் என்றால் முதல் மூன்று அடுக்குகளும் நிறைந்து, நான்காவதில் 80 யூனிட் நிற்கிறது. 325, 405, 510, பிறகு 80 யூனிட்டுக்கு 556. கூட்டினால் 1,796 ரூபாய். இதுதான் யூனிட்டுக்கான கட்டணம், அதாவது மின்சாரத்தின் விலை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை நீங்கள் எவ்வளவு மின்சாரம் செலவழித்தாலும், முதல் 100 யூனிட்டை எல்லோரையும் போல மலிவாகவே வாங்குகிறீர்கள். மேலே போகப் போகத்தான் விலை ஏறுகிறது. மின்வாரியக்காரர்கள் இதை டெலஸ்கோபிக் முறை என்பார்கள்.

அடுத்த வரி நிலைக் கட்டணம். கம்பி, கம்பம், டிரான்ஸ்பார்மர், அவற்றைப் பராமரிக்கும் ஆட்கள் ஆகிய செலவுகளெல்லாம் நீங்கள் ஸ்விட்சைப் போட்டாலும் போடாவிட்டாலும் இருக்கின்றன. அதற்காக வாங்குவது இது. பெங்களூரில் இதை இணைப்பின் திறனைப் பார்த்து, கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். கேரளத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு விஷயம் பார்க்கிறார்கள்: ஒற்றைப் பேஸா மூன்று பேஸா என்பது ஒன்று, மாதச் சராசரி எந்த அடுக்கில் விழுகிறது என்பது மற்றொன்று. சித்தி வீடு ஒற்றைப் பேஸ். 380 யூனிட் என்றால் மாதத்துக்கு 190. அந்த அடுக்குக்கு மாதம் 120 ரூபாய், இரண்டு மாதத்துக்கு 240.

இங்கே எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. யூனிட் ஏற ஏற இந்தக் கட்டணமும் ஏறுகிறது. மாதம் 50 யூனிட்டுக்குள் இருந்தால் 40 ரூபாய், 100-க்குள் 65, 150-க்குள் 85, 200-க்குள் 120, 250-க்குள் 130. உங்கள் வீட்டுக்கு வரும் கம்பி அதே கம்பிதான். 190 யூனிட் எரிப்பவருக்கும் 90 யூனிட் எரிப்பவருக்கும் கம்பத்தின் செலவு ஒன்றேதான். ஏழை வீட்டுக்குச் சுமை குறைய வேண்டும் என்பது நல்ல நோக்கம்; அதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் இந்த அமைப்பில் நிலைக் கட்டணமும் யூனிட் கட்டணத்தின் இன்னொரு கையாக ஆகிவிடுகிறது. அடுக்கின் விளிம்பில் ஒரு யூனிட் கூடினால் இந்த வரியும் துள்ளும்.

மூன்றாவது மின்சாரத் தீர்வை. இது மின்வாரியத்தின் வருமானம் அல்ல, மாநில அரசின் வரி. 1963-ஆம் ஆண்டின் கேரள மின்சாரத் தீர்வைச் சட்டப்படி வசூலிக்கப்படுகிறது. வீடுகளுக்கு யூனிட் கட்டணத்தில் 10 சதவீதம். யூனிட் கட்டணத்தில் மட்டும்தான், நிலைக் கட்டணத்தின் மீது இல்லை. 1,796-க்கு 179 ரூபாய் 60 காசு. இதனால் ஒவ்வொரு யூனிட்டின் உண்மை விலை அட்டவணையில் போட்டிருப்பதைவிட பத்தில் ஒரு பங்கு கூடுதல். 8.20 என்று எழுதியிருக்கும் யூனிட் உங்கள் கையை விட்டுப் போகும்போது 9 ரூபாய் 2 காசாகப் போகிறது.

கடைசியில் மீட்டர் வாடகை, மாதம் 6 ரூபாய் வீதம் 12. அதன் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி., 2 ரூபாய் 16 காசு. எல்லாம் சேர்ந்து 2,229 ரூபாய் 76 காசு. இதற்கு மேல் எரிபொருள் சர்சார்ஜ் என்று யூனிட்டுக்குச் சில காசுகள் வரும். மாதத்துக்கு மாதம் மாறுவதால் அதை இந்தக் கணக்குகள் எதிலும் சேர்க்கவில்லை.

2,230-ஐ 380-ஆல் வகுத்தால் 5 ரூபாய் 87 காசு. ஆக, யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று பேசியதில் தவறில்லை.

பிறகு 2024 கோடை வந்தது. பாலக்காட்டில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியது, வெப்ப அலை எச்சரிக்கை விடப்பட்டது. கேரளத்தின் ஒரு நாள் மின் நுகர்வு 11 கோடி யூனிட்டைக் கடந்து சாதனை படைத்தது. சித்தப்பாவுக்கு மூச்சுத் தொந்தரவு இருப்பதால் இரவெல்லாம் ஏ.சி. ஓடியது. ஒன்றரை டன் ஏ.சி. ஓடினால் மணிக்கு ஒரு யூனிட் சுலபமாகப் போகும். மாடியில் ஏ.சி. கிடையாது, ஒரு குளிர்சாதனப் பெட்டியும் மூன்று விசிறியும்தான். ஜூன் தொடக்கத்தில் வந்த பில்லில் மொத்தம் 512 யூனிட். சப் மீட்டரில் மாடியின் கணக்கு 150. கழித்தால் கீழ்வீட்டுக்கு 362.

தொகை 3,919 ரூபாய்.

மாடித் தம்பி வழக்கம்போல் 150 யூனிட்டுக்கு 900 ரூபாய் கொண்டுவந்து கொடுத்தான். சித்தி பில்லைக் காட்டி, "தம்பி, மீதி மூவாயிரத்துச் சொச்சம் என் தலையில் விழுகிறதே, நீங்கள் இல்லாதபோது எனக்கு இவ்வளவு வந்ததில்லை" என்றார். "அம்மா, நான் ஏ.சி.யே போடவில்லை. போன தடவையைவிட 20 யூனிட்தான் கூடுதல். உங்கள் ஏ.சி.க்கு நான் எப்படிப் பணம் கொடுப்பது?" என்று அவன் கேட்டான். இருவர் சொன்னதும் உண்மை. பில்லை எனக்கு அனுப்பி, நீயே கணக்குப் பார்த்துச் சொல் என்றார்கள்.

பில்லில் முதலில் என் கண்ணில் பட்டது யூனிட் கட்டணம் என்ற வரி. 3,276 ரூபாய் 80 காசு. அதை 512-ஆல் வகுத்துப் பார்த்தால் சரியாக 6 ரூபாய் 40 காசு. மீதியே இல்லை. பிப்ரவரிப் பில்லில் இதே வகுத்தலைச் செய்தால் 4.726 என்று நீளும் ஓர் எண் வரும். ஏனென்றால் அது பல விலைகளின் கலவை. இப்படிச் சுத்தமான எண் வந்தால் பெரும்பாலும் அடுக்குகளே இல்லாமல் எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை போட்டிருக்கிறார்கள் என்று பொருள். கையில் பில்லும் கைப்பேசிக் கால்குலேட்டரும் இருந்தால் எந்தக் கேரள வீட்டுக்காரரும் அரை நிமிடத்தில் செய்துவிடக்கூடிய சோதனை இது.

கேரளக் கட்டணத்தில் மாதம் 250 யூனிட் என்பது ஒரு மதில். இரண்டு மாதப் பில்லில் 500. அதுவரை டெலஸ்கோபிக். ஒரு யூனிட் தாண்டிவிட்டால் அடுக்குகள் மொத்தமாக மறைந்துவிடும். முதல் யூனிட்டிலிருந்து கடைசி யூனிட் வரை ஒரே விலை: மாதம் 300 வரை போனால் 6.40, 350 வரை போனால் 7.25, 400 வரை 7.60. 3.25-க்குக் கிடைத்துக்கொண்டிருந்த அந்த முதல் 100 யூனிட்டும் இப்போது 6.40 ஆகிவிடும்.

இதில் ஏமாந்துபோவது சுலபம். ஐந்தாவது அடுக்கில் விலை 8.20, மதிலைத் தாண்டினால் 6.40. "அதிகம் எரித்தால் விலை குறைகிறதே" என்று என்னிடமே சிலர் சொல்லியிருக்கிறார்கள். ஒப்பிட வேண்டியது 8.20-உடன் அல்ல. சரியாக 500 யூனிட் எரித்தவரின் யூனிட் கட்டணம் 2,755 ரூபாய், சராசரி 5.51. 6.40-ஐ வைத்துப் பார்க்க வேண்டியது இந்த 5.51-உடன். ஒவ்வொரு யூனிட்டுக்கும் 89 காசு கூடுதல். அது 500 யூனிட்டுக்கும் சேர்ந்து பின்னோக்கிப் பாய்கிறது.

மதிலின் உயரம் என்ன என்று முழுப் பில்லாகவே பார்க்கலாம். 500 யூனிட்டில் கட்டணம் 2,755, நிலைக் கட்டணம் 260, தீர்வை 275.50, மீட்டர் வாடகையும் அதன் வரியும் 14.16. மொத்தம் 3,304 ரூபாய் 66 காசு. 501 யூனிட்டில் கட்டணம் 3,206.40. நிலைக் கட்டணம் மாதம் 150 ஆகி, இரண்டு மாதத்துக்கு 300. தீர்வை 320.64. மீட்டர் வாடகை அதேதான். மொத்தம் 3,841 ரூபாய் 20 காசு. அந்த ஒரு யூனிட்டின் விலை 536 ரூபாய் 54 காசு. யூனிட் கட்டணம் 451 ரூபாய் ஏற, நிலைக் கட்டணம் 40 ரூபாய் துள்ள, தீர்வை தன் பங்குக்கு 45 ரூபாயைக் கூட்டிவிட்டது.

தமிழ்நாட்டிலும் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்ற இடத்தில் ஒரு மதில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியும். அது இவ்வளவு உயரமில்லை. 2022 செப்டம்பர் கட்டணப்படி, 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்கு 2.25, 500-ஐத் தாண்டினால் அதே நூறு யூனிட்டுக்கு 4.50. மற்ற அடுக்குகள் அப்படியே நிற்கும். ஆகவே 501-ஆவது யூனிட் தன் விலையான 8 ரூபாயோடு 225 ரூபாயையும் இழுத்துக்கொண்டு வரும். வீடுகளுக்கு நிலைக் கட்டணத்தை அதே செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள் என்பதால் அந்த வரியில் துள்ளல் கிடையாது.

இனி மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் வருவோம். சித்தி வீட்டு ஜூன் பில் இப்படி இருந்தது: யூனிட் கட்டணம் 3,276.80, நிலைக் கட்டணம் 300, தீர்வை 327.68, மீட்டர் 14.16. மொத்தம் 3,918.64. இதில் 150 யூனிட் எரித்த மாடிக்கு எவ்வளவு?

சித்தியின் வாதத்தை எடுத்துக்கொண்டால், மாடியில் யாரும் இல்லாமல் கீழ்வீட்டுக்கு 362 யூனிட் மட்டும் ஆகியிருந்தால் என்ன வந்திருக்கும் என்று பார்க்க வேண்டும். நான்காவது அடுக்கோடு நின்றிருக்கும். கட்டணம் 1,670.90, நிலைக் கட்டணம் 240, தீர்வை 167.09, மீட்டர் 14.16, மொத்தம் 2,092 ரூபாய் 15 காசு. அப்படியானால் மாடி வந்ததால் கூடியது 1,826 ரூபாய். 150 யூனிட்டுக்கு 1,826 என்றால் யூனிட் 12 ரூபாய்க்கு மேல்.

தம்பியின் வாதத்தை எடுத்துக்கொண்டால், மாடிக்குத் தனி இணைப்பு இருந்து 150 யூனிட் மட்டும் ஆகியிருந்தால் என்ன வந்திருக்கும் என்பதுதான் கேள்வி. முதல் 100-க்கு 325, அடுத்த 50-க்கு 202.50, கட்டணம் 527.50. மாதம் 75 யூனிட் என்பதால் நிலைக் கட்டணம் 65 வீதம் 130. தீர்வை 52.75, மீட்டர் 14.16. மொத்தம் 724 ரூபாய் 41 காசு. குறைவாக எரிக்கும் வீடுகளுக்கான அரசு மானியத்தை இதில் நான் கழிக்கவில்லை. கழித்தால் இன்னும் குறையும்.

பில்லை யூனிட்டால் வகுத்துச் சராசரி போட்டாலோ யூனிட்டுக்கு 7.65 வீதம் 1,148. பழைய பேச்சுப்படி 900. ஒரே சப் மீட்டர், ஒரே 150 யூனிட்; 724, 900, 1,148, 1,826 என்று நான்கு விடைகள். எதிலும் கூட்டல் பிழை இல்லை. யாருடைய யூனிட் முதலில் எரிந்தது, யாருடையது கடைசியில் எரிந்தது என்று மீட்டருக்குத் தெரியாது. மலிவான அடுக்கு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குப் பில்லில் விடை கிடையாது. அதனால்தான் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு வருடம் முழுவதும் ஓட்ட முடியாது.

நான் சொன்ன வழி இது. இருவரும் தனித்தனி இணைப்பில் இருந்திருந்தால் 2,092-உம் 724-உம் சேர்ந்து 2,817 ரூபாய்தான் ஆகியிருக்கும். வந்ததோ 3,919. இந்த 1,102 ரூபாய் யாரும் எரித்த மின்சாரத்துக்கான விலை அல்ல. இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் நிற்பதால் வந்த அபராதம். ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாகக் கிடைக்க வேண்டிய மலிவான அடுக்குகளில் ஒரு பங்கு போய்விட்டது. அதன் மேல் மதிலும் தாண்டப்பட்டுவிட்டது. ஆகவே முதலில் அவரவர் தனிக்கணக்கை அவரவர் கொடுக்கட்டும். அபராதத்தை யூனிட் விகிதத்தில் பங்கிடட்டும். மாடியின் பங்கு 512-இல் 150, அதாவது 323 ரூபாய். தம்பி கொடுக்க வேண்டியது 1,047, சித்திக்கு 2,871. 900 கொடுத்திருந்தவன் இன்னும் 147 ரூபாயைக் கொடுத்தான். முகம் கோணவில்லை. சித்திக்குத்தான் அந்த 1,102 ரூபாய் பெரிய அதிர்ச்சி. யாருக்கும் பயன்படாமல் போன பணம் என்பது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

பிப்ரவரிப் பில்லிலும் இந்த அபராதம் இருந்தது. யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். அன்று கீழ்வீடு 250, மாடி 130. தனித்தனியாக 1,268-உம் 635-உம் ஆகியிருக்கும், கூட்டினால் 1,903. கட்டியது 2,230. மதில் தாண்டாத நல்ல காலத்திலேயே 327 ரூபாய் வீணாகப் போயிருக்கிறது. மாடிக்குத் தனிக் கதவு எண் வாங்கித் தனி இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் இந்த 327 தான். கோடையின் 1,102-ஐ மட்டும் பார்த்தால், அடுத்த வருடம் ஏ.சி.யைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். இது வருடம் முழுக்கக் கசிகிற பணம். இணைப்புக்கு ஆகும் செலவு ஒருமுறைதான்.

தனிக் குடும்பமாக இருப்பவர்களுக்கும் மதில் மதில்தான். பில் வந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. நடுவிலேயே பார்க்க வேண்டும். இப்போதைய மின்னணு மீட்டரில் தேதி, நேரம், வோல்ட்டேஜ் என்று திரை மாறி மாறிக் காட்டிக்கொண்டிருக்கும். ஓரத்தில் kWh என்று வரும் எண்ணைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். பில்லில் உள்ள கடைசி ரீடிங்கை அதிலிருந்து கழித்தால் இதுவரை எரிந்தது. 30-ஆவது நாளில் 250-க்கு மேலோ, 45-ஆவது நாளில் 375-க்கு மேலோ இருந்தால் மதிலை நோக்கிப் போகிறீர்கள். இரண்டு மாதமும் சேர்த்துத்தான் சராசரி பார்க்கப்படும் என்பது ஒரு வசதி. ஒரு மாதம் 290 ஆனாலும் அடுத்த மாதம் ஊருக்குப் போய் வீட்டைப் பூட்டி வைத்தால் 500-க்குள் அடங்கிவிடும்.

மீட்டரின் முகத்தில் சிவப்பாக ஒரு சிறு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் 3200 imp/kWh என்பது போல அச்சிட்டிருக்கும். 3,200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். நொடிக்கு ஒருமுறை சிமிட்டினால் அந்த நேரத்தில் வீட்டில் ஓடுவது 1,125 வாட். சித்தி வீட்டில் ஏ.சி.யைப் போட்டதும் விளக்கு படபடவென்று அடிக்கும். நிறுத்தினால் ஆறேழு நொடிக்கு ஒருமுறை நிதானமாகச் சிமிட்டும். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கையும் எடுத்துவிட்ட பிறகும் அது விடாமல் சிமிட்டினால் எங்கோ கசிவு இருக்கிறது. அல்லது உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. தண்ணீர்த் தொட்டி மோட்டார், வாட்டர் ஹீட்டர், இன்வெர்ட்டர் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

எப்போது சிக்கனம் எவ்வளவு மதிப்புள்ளது என்பதும் இடத்தைப் பொறுத்தது. 58-ஆவது நாளில் 495-இல் நின்றால், இரண்டு இரவு ஏ.சி.யை நிறுத்துவது 500 ரூபாய்க்கு மேல் பெறும். 540-ஐத் தொட்டுவிட்டால் அந்த வாய்ப்பு போய்விட்டது. அதன் பிறகு மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டும் தீர்வையோடு சேர்த்து 7 ரூபாய் 4 காசு மட்டுமே தரும்; மதிலுக்குச் சற்று முன்பு அதே யூனிட் 9 ரூபாய் தந்துகொண்டிருந்தது. ஆனால் 600-இல் அடுத்த மதில் காத்திருக்கிறது. அங்கே எல்லா யூனிட்டும் 6.40-இலிருந்து 7.25-க்குத் தாவும். 601-ஆவது யூனிட் யூனிட் கட்டணத்தில் மட்டும் 517 ரூபாயைக் கூட்டும்.

பில் கையில் வந்ததும் ரீடிங் எடுத்த இரண்டு தேதிகளையும் பார்த்துவிடுங்கள். இடைவெளி 60 நாளைவிடக் கணிசமாக நீண்டிருந்து, யூனிட்டும் 500-ஐ ஒட்டித் தாண்டியிருந்தால், நாள்கணக்கு எப்படிக் கையாளப்பட்டிருக்கிறது என்று செக்‌ஷன் அலுவலகத்தில் கேளுங்கள். கேட்பதற்குக் காசில்லை. தீர்வைத் தொகையை யூனிட் கட்டணத் தொகையால் வகுத்துப் பாருங்கள், பத்தில் ஒன்று வர வேண்டும். வீடு பூட்டியிருந்ததால் ரீடிங் எடுக்காமல் பழைய சராசரியைப் போட்ட பில் என்றால் அதுவும் அதிலேயே எழுதியிருக்கும். மீட்டர் காட்டும் எண்ணோடு ஒப்பிட்டு வையுங்கள்.

மேலே சொன்ன விலைகள் 2024 டிசம்பர் தொடக்கம் வரை நடப்பில் இருந்தவை. அந்த டிசம்பரிலும் 2025 ஏப்ரலிலும் யூனிட் விலையும் நிலைக் கட்டணமும் உயர்ந்துவிட்டன. மாதம் 250-ஐத் தாண்டும் வீடுகளுக்கு நேரத்தைப் பொறுத்து விலை மாறும் முறையும் வந்திருக்கிறது. அடுக்குகள், 250-இன் மதில், 10 சதவீதத் தீர்வை ஆகியவற்றின் அமைப்பு அதேதான். உங்கள் பில்லுக்குக் கணக்குப் போடும்போது அந்தத் தேதியில் நடப்பிலுள்ள அட்டவணையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சித்தியும் மாடித் தம்பியும் தனி இணைப்பு கிடைக்கும்வரை இந்த முறைப்படியே பிரித்துக்கொள்கிறார்கள். மூன்று பில்லாகப் போட்டுப் பார்க்க வேண்டியிருப்பதால் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. கால்குலேட்டரைத் தட்டுவது தம்பி, சரிபார்ப்பது சித்தப்பா.